இரண்டு கிரகங்களுக்கு நடுவே ஒரு புள்ளி

கடிகாரத்தில் 11க்கும் 1க்கும் நடுவில் இருப்பது எது என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் 12 என்று சொல்லிவிடும். அதையே கணக்காகப் போடுங்கள்: 11ஐயும் 1ஐயும் கூட்டினால் 12, பாதி 6. முள் நேர் எதிரே போய் நிற்கிறது. கூட்டலிலும் தப்பில்லை, வகுத்தலிலும் தப்பில்லை. வட்டத்தை நேர்கோடு என்று நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தான். ஐன்ஸ்டைனின் ஜாதகத்தை எக்செல்லில் ஏற்றியிருந்தான். "மாமா, சூரியன் மீனக் கடைசியில இருக்கு, சனி மேஷ ஆரம்பத்துல இருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு. ரெண்டுக்கும் நடுப்புள்ளி மட்டும் கன்னியில போய் உக்காந்திருக்கே?" என்றான். கடிகாரக் கதையைச் சொன்னதும் தலையில் தட்டிக்கொண்டான்.

அவன் தேடியது மேற்கத்திய ஜோதிடத்தின் ஒரு பிரிவில் பெரிதாகப் பேசப்படும் 'நடுப்புள்ளி'. ஜாதகத்தில் இரண்டு கிரகங்களுக்குச் சரிபாதித் தூரத்தில் இருக்கும் இடம் அது. அங்கே கிரகம் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. வானத்தைப் பார்த்தால் வெறும் இடம்தான். ஆனால் அந்த இடத்தில் அந்த இரண்டு கிரகங்களின் குணமும் கலந்து நிற்கிறது, மூன்றாவதாக ஒரு கிரகமோ லக்னமோ அங்கே வந்து நின்றால் அந்தக் கலவை வேலை செய்யத் தொடங்கும் என்பது அவர்கள் கொள்கை. இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவரில் யாராவது ஆணி அடித்தால் இரண்டு வீட்டிலும் சத்தம் கேட்கும் அல்லவா, ஏறக்குறைய அப்படி.

இதை ஒரு முறையாக வளர்த்தவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் விட்டே. 1878இல் பிறந்த அவருக்குத் தொழில் நில அளவை. நாளெல்லாம் கோணம் அளந்து, எல்லைக்கல்லுக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவே புள்ளி குறித்த மனிதர் ஜாதகத்தைப் பார்த்தபோதும் அதையே செய்ததில் ஆச்சரியமில்லை. ராசிக்கு அதிபதி யார், ஆட்சியா உச்சமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். எந்தக் கிரகம் எந்த இரண்டுக்குச் சமதூரத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அவருடைய விதிநூல் 1928இல் வெளிவந்தது. யாரும் தொலைநோக்கியில் பார்த்திராத எட்டுக் கற்பனைக் கிரகங்களையும் அந்தப் பள்ளி சேர்த்துக்கொண்டது. நான்கு விட்டே சொன்னவை, நான்கு அவருடைய கூட்டாளி சொன்னவை. ரைன்ஹோல்ட் எபர்டின் என்ற இன்னொரு ஜெர்மானியர் அந்த எட்டையும் ஒதுக்கிவிட்டு, நடுப்புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 1940இல் ஒரு கையேடு எழுதினார். இன்றைக்கும் இந்த முறையைக் கையாள்பவர்கள் மேசையில் இருப்பது அதுதான். இரண்டு கிரகம் சேர்ந்தால் என்ன பொருள், அங்கே மூன்றாவது வந்தால் என்ன பொருள் என்று அகராதி மாதிரி பக்கம் பக்கமாகப் போகும்.

நம் ஊர் ஜோதிடத்துக்கு இது முற்றிலும் அந்நியம் என்று சொல்ல முடியாது. ராகுவுக்கும் சந்திரனுக்கும் நடுவே உள்ள இடத்தைப் 'பிருகு பிந்து' என்று குறித்து, அதன்மேல் கோசாரக் கிரகம் வரும் காலத்தைப் பார்க்கும் ஜோதிடர்கள் நம்மிடையே உண்டு. ஸ்ரீபதி முறையில் பாவம் போடுகிறவர்கள் இரண்டு பாவ மத்தியங்களுக்கு நடுவே உள்ள புள்ளியைத்தான் பாவ சந்தி என்கிறார்கள். ஆனால் எல்லாக் கிரகங்களையும் இரண்டிரண்டாக எடுத்து நடுப்புள்ளி காண்பது ஹாம்பர்க் சரக்கு.

சரி, ஐன்ஸ்டைனுக்கு வருவோம். அவர் 1879 மார்ச் 14ஆம் தேதி ஜெர்மனியின் ஊல்ம் நகரில் பிறந்தார். முற்பகல் 11:30 மணி என்று பிறப்புப் பதிவிலேயே இருக்கிறது. பிரபலங்களின் ஜாதகம் என்று புழங்குவதில் பாதிக்குமேல் நேரம் தெரியாத சமாச்சாரம் என்பதால், இப்படி ஒன்று கிடைத்தால் விடக்கூடாது. மேற்கத்தியர் கணக்கு சாயனம், அதாவது அயனாம்சம் கழிக்காதது. அதன்படி சூரியன் மீனத்தில் 23 பாகை 30 கலை. சந்திரன் தனுசில் 14 பாகை 31 கலை. சனி மேஷத்தில் 4 பாகை 11 கலை. மென்பொருளுக்கு மென்பொருள் ஓரிரு கலை வேறுபடலாம்.

முதல் வேலை, ராசியை மறந்துவிட்டு மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பாகை என்று எழுதிக்கொள்வது. ஒரு ராசிக்கு 30 பாகை. மீனத்துக்கு முன்னால் பதினோரு ராசி, ஆக 330. அதோடு 23 பாகை 30 கலையைச் சேர்த்தால் சூரியன் 353 பாகை 30 கலையில். தனுசுக்கு முன்னால் எட்டு ராசி, 240. சந்திரன் 254 பாகை 31 கலையில். இரண்டையும் கூட்டினால் 608 பாகை 1 கலை. பாதி 304 பாகை, அரைக் கலை சொச்சம். 304இல் 300ஐக் கழித்தால் பத்து ராசி போய், கும்பத்தில் 4 பாகை. இதுதான் அவருடைய சூரிய சந்திர நடுப்புள்ளி.

இங்கே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 99 பாகை. 180க்குள் இருப்பதால் விடை சரி. சூரியனையும் சனியையும் எடுத்துப் பாருங்கள். சனி 4 பாகை 11 கலை. கூட்டினால் 357 பாகை 41 கலை, பாதி 178 பாகை 50 கலை சொச்சம். அது கன்னி. தங்கை மகன் விழுந்த குழி இதுதான். எண்களின் வித்தியாசம் 349 பாகை, 180ஐத் தாண்டிவிட்டது. அப்படித் தாண்டினால் விடையோடு 180ஐச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 358 பாகை 50 கலை, அதாவது மீனத்தில் 28 பாகை 50 கலை. இரண்டு கிரகத்துக்கும் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. எக்செல்லில் போடுகிறவர்களுக்கு அவன் கடைசியில் எழுதிய வரி இது:

```
=MOD((A1+B1)/2+IF(ABS(A1-B1)>180,180,0),360)
```

இதில் இன்னொரு குழியும் உண்டு. 23 பாகை 30 கலையை 23.30 என்று தட்டிவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. 30 கலை என்றால் அரைப் பாகை, ஆகவே 23.5 என்றுதான் கொடுக்க வேண்டும். கலையை 60ஆல் வகுத்துத் தசமமாக்காமல் விட்டால் பிழை 20, 24 கலை வரைக்கும்கூடப் போகும். சாதாரண ராசிக் கட்டத்தில் அது ஒன்றும் செய்யாது. நடுப்புள்ளி வேலையே பாகைக்குள் நடக்கிற வேலை என்பதால் இங்கே அது மொத்தத்தையும் கவிழ்த்துவிடும்.

தப்பான பக்கத்தில் கிடைத்த புள்ளி அடியோடு வீண் என்றும் சொல்ல முடியாது. ஹாம்பர்க்காரர்கள் நடுப்புள்ளியை ஒரு புள்ளியாகப் பார்ப்பதில்லை, வட்டத்தை ஊடறுக்கும் அச்சாகப் பார்க்கிறார்கள். அந்தப் புள்ளியும், நேர் எதிர்ப்புள்ளியும், அவற்றிலிருந்து 90 பாகையில் உள்ள இரண்டும், இடையே 45 பாகைக்கு ஒன்றாக நிற்கும் நான்கும் சேர்ந்து மொத்தம் எட்டு இடங்கள். எட்டில் எதில் ஒரு கிரகம் நின்றாலும் நடுப்புள்ளியைத் தொட்டதாகவே கணக்கு. கிரகம் நடுப்புள்ளியிலேயே நின்றால் வலு அதிகம் என்பார்கள்.

எட்டு இடத்தையும் கண்ணால் தேட வேண்டியதில்லை. அவர்கள் அட்டையில் 90 பாகை வட்டம் வரைந்து, நடுவில் சுழலும் முள் வைத்துத் தேடினார்கள். நமக்கு ஒரு வகுத்தல் போதும். எந்தக் கிரகமானாலும் அதன் பாகையை 45ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். நடுப்புள்ளிக்கும் அப்படியே. மீதிகள் கிட்டக்கிட்ட வந்தால் தொடுகிறது என்று பொருள். 44க்கும் 1க்கும் தூரம் 43 அல்ல, 2தான் என்பதை மறக்காதீர்கள். இங்கேயும் அதே கடிகாரக் கதை.

ஐன்ஸ்டைனின் சூரிய சந்திர நடுப்புள்ளி 304 பாகை. 45ஆல் வகுத்தால் மீதி 34. இப்போது ராகுவை விட்டுவிட்டு மற்றவற்றின் மீதிகளைப் பார்த்தால், அருகில் வருவது நெப்டியூன், 37 பாகை 52 கலை. கிட்டத்தட்ட 4 பாகை தள்ளி நிற்கிறது. வழக்கமாக ஒன்றரைப் பாகைக்குள் வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஆக அந்தப் புள்ளியைத் தொட ஆளே இல்லை. திருமணத்துக்கும் மன ஒருமைக்கும் உயிர்நாடி என்று இந்த முறையின் நூல்கள் கொண்டாடும் புள்ளி, உலகம் அறிந்த இந்த ஜாதகத்தில் மௌனமாக இருக்கிறது. இரண்டு முறை திருமணம் செய்துகொண்டவர் அவர். இந்த மாதிரி இடத்தில் ஜோதிடர்கள் சட்டென்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் புரட்டாமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அடுத்த பக்கத்தில் உண்மையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. யுரேனஸ் கன்னியில் 1 பாகை 17 கலை, அதாவது 151 பாகை 17 கலை. புளூட்டோ ரிஷபத்தில் 24 பாகை 43 கலை, அதாவது 54 பாகை 43 கலை. கூட்டினால் சரியாக 206, பாதி 103. கடகத்தில் 13ஆவது பாகை. ஐன்ஸ்டைனின் லக்னம் கடகத்தில் 11 பாகை 39 கலை. நடுப்புள்ளிக்கும் லக்னத்துக்கும் வித்தியாசம் 1 பாகை 21 கலைதான். எட்டில் ஏதோ ஓர் இடத்தில் அல்ல, நடுப்புள்ளியிலேயே லக்னம் நிற்கிறது. குரு எங்கே என்று பாருங்கள். கும்பத்தில் 27 பாகை 29 கலை, அதாவது 327 பாகை 29 கலை. 45ஆல் வகுத்தால் மீதி 12 பாகை 29 கலை. 103இன் மீதி 13. வித்தியாசம் 31 கலை, அரைப் பாகை. யுரேனஸ், புளூட்டோ சேர்க்கைக்கு இந்த முறையில் சொல்லும் பொருள், இருக்கும் ஒழுங்கு குலைந்து புதிய ஒழுங்கு பிறப்பது. நியூட்டனின் காலத்தையும் வெளியையும் கலைத்துப்போட்டவருக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுதிக் கொடுக்க முடியும் என்று ஜோதிட ஆர்வலர்கள் பூரித்துப்போவார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்கே ஒரு சிலிர்ப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் முறைப்படி அயனாம்சம் கழித்துப் பார்த்தாலும் இது கலையாது. அந்த ஆண்டுக்கு லாஹிரி அயனாம்சம் சுமார் 22 பாகை 10 கலை. எல்லாவற்றிலும் அதே தொகையைக் கழிக்கிறோம் என்பதால் லக்னம் மிதுனம் 19 பாகைக்கும், நடுப்புள்ளி மிதுனம் 20 பாகைக்கும் சேர்ந்தே நகரும். இடைவெளி அதே 1 பாகை 21 கலை. சாயனமா நிராயனமா என்ற பழைய சண்டை எட்டிப் பார்க்காத இடம் ஜோதிடத்தில் அபூர்வம், இது அதில் ஒன்று.

சிலிர்ப்பு அடங்கியபின் பேனாவை எடுத்தால் வேறு கணக்கு வருகிறது. யுரேனஸும் புளூட்டோவும் ஆமை நடை நடப்பவை. அவற்றின் நடுப்புள்ளி ஓர் ஆண்டில் இரண்டு, மூன்று பாகைதான் நகரும். ஆகவே அந்த வாரம் உலகில் பிறந்த அத்தனை குழந்தைக்கும் அந்தப் புள்ளி கடகம் 13இல்தான். குரு அப்போது நாளுக்குக் கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றரைப் பாகைக்குள் அது தொட்டுக்கொண்டிருந்த காலம் ஏறக்குறைய இரண்டு வாரம். அத்தனை நாளில் பிறந்த ஒவ்வொருவருக்கும் குரு அங்கேதான். ஐன்ஸ்டைனுக்கென்று தனியாக மிஞ்சுவது லக்னம் மட்டும். அது சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. அப்படியானால் அந்த மூன்று பாகை அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் 12 நிமிடம். ஒரு நாளில் 12 நிமிடம் என்பது 120இல் ஒரு பங்கு. அரிதுதான், ஆனால் அதிசயம் இல்லை.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். பத்துக் கிரகம், லக்னம், பத்தாம் பாவ முனை, ராகு என்று 13 புள்ளிகளை எடுத்தால் 78 ஜோடிகள் வரும். ஏதாவது ஒரு கிரகத்தை எடுத்து, அது தானே இடம்பெறும் ஜோடிகளை விட்டுவிட்டால் 66 நடுப்புள்ளிகள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் ஒன்றரைப் பாகை சலுகை கொடுத்தால் மூன்று பாகை அகலம். தேடும் வட்டமோ 45 பாகை. 66ஐ 3ஆல் பெருக்கி 45ஆல் வகுத்தால் 4.4. அதாவது எந்த ஜாதகத்தில் எந்தக் கிரகத்தை எடுத்தாலும், எதுவுமே நடக்காவிட்டாலும், வெறும் தற்செயலால் நான்கைந்து நடுப்புள்ளிகளை அது தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு ஜாதகம் முழுவதற்கும் ஐம்பதுக்குமேல் தொடுகைகள். ஐம்பது வாக்கியங்களைக் கையில் கொடுத்தால் அதில் நமக்குப் பொருந்துவது பத்தாவது இருக்காதா? பிறந்தநாள் கேசட்டில் எந்தப் பெயரைச் சேர்த்தாலும் பாட்டு பொருந்துகிற மாதிரிதான். நடுப்புள்ளிகளால் வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்பதற்கு அறிவியல் நிரூபணம் எதுவும் இல்லை. இந்த 4.4 என்ற எண் தெரியாமல் பலன் படிக்க உட்காருகிறவர்கள் ஏமாறுவது நிச்சயம்.

இந்த முறையில் அனுபவமுள்ளவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அவர்கள் சூரியன், சந்திரன், லக்னம், பத்தாம் முனை இந்த நான்கையும் தொடுகிற நடுப்புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவார்கள். சலுகையையும் அரைப் பாகையாக இறுக்குவார்கள். அப்போது ஒரு கிரகத்துக்குத் தற்செயல் தொடுகை ஒன்றரை என்ற அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறுக்கினால் ஐன்ஸ்டைனின் லக்னத் தொடுகையும் உதிர்ந்துவிடும், குருவும் ஒரு கலை வித்தியாசத்தில் வெளியே போய்விடும் என்பதைக் கவனியுங்கள். எல்லையை எங்கே வைப்பது என்று ஜாதகத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு எல்லையை நகர்த்துவது பரீட்சைத்தாளைப் பார்த்துவிட்டுப் பாடத்திட்டம் எழுதுவதற்குச் சமம்.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் பெரிய ஓட்டை பிறந்த நேரம். ஊல்ம் பதிவில் 11:30 என்று இருக்கிறது. அது உண்மையில் 11:30 தானா, 11:22ஐயோ 11:37ஐயோ யாராவது வாயால் அரைமணியாக்கினார்களா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். 8 நிமிடம் பிசகினால் லக்னம் சுமார் 2 பாகை நகர்ந்துவிடும். 1 பாகை 21 கலை என்ற நம் தொடுகை அப்போது ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் இன்னும் நெருங்கிவிடும். லக்னம் சேராத நடுப்புள்ளிகள் இவ்வளவு படுத்துவதில்லை. சந்திரன் ஒரு நாளில் சுமார் 13 பாகையும் சூரியன் 1 பாகையும் நகர்வதால், அவற்றின் நடுப்புள்ளி நாளுக்கு 7 பாகை, மணிக்கு 18 கலை அளவே நகரும். நேரத்தில் ஒரு மணி பிழை வந்தாலும் தாங்கும். பிறந்த நேரம் உத்தேசமாகத்தான் தெரியும் என்கிறவர்கள் லக்னமும் பத்தாம் முனையும் வரும் ஜோடிகளை அடியோடு விட்டுவிட்டு, மீதமுள்ள 11 புள்ளிகளின் 55 ஜோடிகளோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

உங்கள் ஜாதகத்தில் இதைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், எக்செல்லைத் திறப்பதற்கு முன் பழைய பெட்டியைத் திறந்து ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். நம் பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், நேரம் இருக்காது.